லிஃப்டில் ஏறிய தராசு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டுக்கு அவ்வளவாக வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து, நானும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் தரைத்தளத்தில் லிஃப்டுக்குள் நுழைந்தோம். கையில் மூன்று பொருட்கள்: முள் சுற்றும் பழைய எடை மெஷின், கொக்கி வைத்த ஒரு சுருள்வில் தராசு, அரை கிலோ துவரம்பருப்புப் பொட்டலம்.

இதற்கு முந்தின நாள் அவள் ‘இயக்க விதிகள்’ பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். லிஃப்டில் நிற்பவரின் ‘தோற்ற எடை’ பற்றிய பகுதி அதில் வரும். படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “இவ்வளவுதான்பா. மேலே போனா எடை கூடும், கீழே போனா குறையும்.”

“நிச்சயமா?”

“புத்தகத்துல இருக்கே!”

புத்தகத்தில் இருப்பது அது இல்லை. ஆனால் படிக்கிற பத்துப் பேரில் பாதிப் பேர் அதை இப்படித்தான் மனதில் வாங்கிக்கொள்கிறார்கள். நானும் அந்த வயதில் அப்படித்தான் வாங்கிக்கொண்டேன். வாயால் விளக்குவதைவிட முள்ளையே பேசவிடலாம் என்றுதான் மறுநாள் கிளம்பினோம்.

முதலில் வீட்டிலிருந்த டிஜிட்டல் மெஷினைத்தான் எடுத்துப் போனோம். அது உதவவில்லை. ஏறி நின்றதும் 60.0 என்று காட்டி, இரண்டு முறை மினுக்கி, அதே எண்ணில் உறைந்துவிட்டது. லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்குப் போய் நின்ற பிறகும் அதே 60.0. இந்த வகை மெஷின் சில விநாடிகள் எடையைக் கவனித்து, நிலையான ஒரு எண் கிடைத்ததும் அதைப் பூட்டி வைத்துவிடும். நாம் லேசாக அசைந்தாலும் எண் ஆடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நமக்கு வேண்டியதோ அந்த ஆட்டம்தான். ஆகவே பரணிலிருந்து பழைய முள் மெஷினை இறக்கினோம்.

சுருள்வில் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு பார்ப்பதும் சரிவராது. லிஃப்ட் கிளம்பும்போது முழங்கையும் தோளும் தாமாகவே கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும். தராசுக்கு மேலே இன்னொரு ஸ்பிரிங் மாட்டியது போல ஆகிவிடும். லிஃப்டின் பக்கச் சுவரில் இருக்கும் கைப்பிடிக் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டோம். அதன் அளவு 1000 கிராம் வரை; 10 கிராமுக்கு ஒரு கோடு. முழுக் கிலோவை மாட்டினால் எடை கூடும்போது காட்ட இடம் இருக்காது என்பதால்தான் அரை கிலோ.

நான் மெஷின் மேல் ஏறி நின்றேன். முள் 60-ல் நின்றது. பருப்புப் பொட்டலம் 500-ல் தொங்கியது. மகள் செல்பேசியில் நிறுத்துக் கடிகாரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு 9 என்ற பொத்தானை அழுத்தினாள்.

கதவு மூடியது. லிஃப்ட் கிளம்பியதும் முள் மெல்ல ஏறி 64-ஐத் தொட்டு, அங்கே ஒரு விநாடி போல நின்று, மறுபடி 60-க்கே திரும்பிவிட்டது. லிஃப்ட் மேலே போய்க்கொண்டேதான் இருந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று மாடி எண்கள் மாறின. முள் 60-ஐ விட்டு அசையவில்லை.

“அப்பா, மேலேதானே போறோம்? ஏன் 60 காட்டுது?”

ஒன்பதாவது மாடி நெருங்கியபோது முள் கீழே இறங்கியது. 56. லிஃப்ட் நின்றதும் மறுபடி 60.

கீழே வரும்போது இன்னும் தெளிவாகிவிட்டது. கிளம்பும்போது 56, வழியெல்லாம் 60, தரைத்தளத்தில் நிற்கப் போகும்போது 64. கீழே இறங்கும் லிஃப்டில் எடை கூடியதைப் பார்த்ததும் அவள் மெஷினையே சந்தேகப்பட்டாள். ஆனால் பருப்புத் தராசும் அதே கதையைத்தான் சொன்னது. மெஷின் 64 காட்டிய இரண்டு தடவையும் அது ஏறத்தாழ 530. 56 காட்டிய இரண்டு தடவையும் 470-க்குச் சற்றுக் கீழே.

முள் சொல்வது இதைத்தான்: லிஃப்ட் எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்குத் தெரியாது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதும் தெரியாது, வேகம் மாறுகிறதா, மாறினால் எந்தப் பக்கமாக மாறுகிறது என்பது மட்டுமே தெரியும். மேலே கிளம்புவதும், கீழே வந்து நிற்பதும் முள்ளுக்கு ஒன்றே. இரண்டிலும் தரை நம் பாதத்தை வழக்கத்தைவிடப் பலமாக மேல்நோக்கித் தள்ளியாக வேண்டும். மேலே கிளம்பும்போது நமக்கு மேல்நோக்கிய வேகம் கிடைக்க அந்தத் தள்ளல் தேவை. கீழே வந்து நிற்கும்போது, ஏற்கெனவே இருக்கும் கீழ்நோக்கிய வேகத்தை அடக்க அதே தள்ளல் தேவை.

எடை மெஷின் எதை அளக்கிறது என்று கேட்டால், ‘எடையை’ என்போம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் வேறு விடை கிடைக்கும். நாம் ஏறி நின்றதும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் நசுங்குகிறது. நசுங்க நசுங்க நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அதைத்தான் முள் காட்டுகிறது. பூமி நம்மை இழுப்பதை மெஷின் நேரடியாகத் தொடுவதே இல்லை. அசையாமல் நிற்கும்போது பூமியின் இழுப்பும் மெஷினின் தள்ளலும் சமமாக இருப்பதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சமன் குலையும் இடம்தான் லிஃப்ட்.

என் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ நிறையுள்ள என்னைப் பூமி 588 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. கிலோவை 9.8-ஆல் பெருக்கினால் வருவது அது. தரைத்தளத்திலும் ஒன்பதாவது மாடியிலும் இந்த இழுப்பில் நம்மால் உணரக்கூடிய வித்தியாசம் இல்லை. முள் 64 காட்டிய நேரத்தில் மெஷின் என்னைத் தள்ளியது 64 × 9.8, அதாவது 627 நியூட்டன். தள்ளலில் 588 பூமியின் இழுப்புக்கு ஈடாகிவிட்டது. மிச்சம் 39 நியூட்டன். என்னை மேல்நோக்கி முடுக்கியது இந்த 39 மட்டும்தான். அதை 60-ஆல் வகுத்தால் 0.65. விநாடிக்கு விநாடி என் வேகம் 0.65 மீட்டர் கூடியது என்று பொருள். பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் எழுதிவிடும்:

N = m(g + a)

N என்பது மெஷினின் தள்ளல், m நிறை, g புவியீர்ப்பு முடுக்கம், a லிஃப்டின் முடுக்கம். முடுக்கம் மேல்நோக்கி இருந்தால் கூட்ட வேண்டும். கீழ்நோக்கி இருந்தால் கழிக்க வேண்டும். இதில் பயணத்தின் திசைக்கோ வேகத்துக்கோ இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வழியெல்லாம் முள் 60-ல் நின்றதன் காரணம் அதுதான். வேகம் மாறாமல் ஓடும் லிஃப்டில் a சுழி. தள்ளலும் இழுப்பும் மறுபடி சமம்.

தொங்கும் தராசில் நடப்பதும் இதே கதைதான், தலைகீழாக. லிஃப்ட் கிளம்பும்போது கைப்பிடிக் கம்பி முதலில் மேலே நகர்ந்துவிடுகிறது. கம்பியோடு தராசின் மேல்முனையும் போகிறது. கீழே தொங்கும் பருப்புப் பொட்டலம் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, அதுதான் நிலைமம். மேல்முனை போய்விட்டது, கீழ்முனை பின்தங்கிவிட்டது. நடுவிலிருக்கும் சுருள்வில் நீளாமல் என்ன செய்யும்? பொட்டலத்தையும் தன்னோடு சேர்த்து முடுக்கும் அளவுக்கு இழுவிசை கிடைக்கும்வரை நீள்கிறது. மெஷினில் ஸ்பிரிங் நசுங்கியது, இங்கே நீண்டது. அளந்தது ஒரே விஷயம்தான்.

இரண்டு தராசுகளும் ஒரே விகிதத்தில் மாறின என்பது இங்கே முக்கியம். 60-க்கு 4 கூடியது, பதினைந்தில் ஒரு பங்கு. 500-ல் பதினைந்தில் ஒரு பங்கு 33. கோடுகளும் ஏறத்தாழ அதைத்தான் காட்டின. லிஃப்டுக்குள் இருக்கும் எல்லாப் பொருளுக்கும் இந்தப் பதினைந்தில் ஒரு பங்கு சமமாகவே கூடும். அதனால்தான் மளிகைக் கடையின் பழைய தட்டுத் தராசை லிஃப்டுக்குள் தொங்கவிட்டால் அதற்கு எதுவும் தெரியாது. ஒரு தட்டில் பருப்பு, மறு தட்டில் அரை கிலோ எடைக்கல். லிஃப்ட் கிளம்பும்போது பருப்பு எவ்வளவு கனக்கிறதோ, அதே விகிதத்தில் கல்லும் கனக்கும். தண்டு நேராகவே நிற்கும். தட்டுத் தராசு இரண்டு நிறைகளை ஒப்பிடுகிறது. சுருள்வில் ஒரு விசையை அளக்கிறது. எடைக்கும் நிறைக்கும் என்ன வேறுபாடு என்று தேர்வில் கேட்கிறார்களே, அதை லிஃப்டுக்குள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இவ்வளவு தெரிந்த பிறகு, முள்ளிடமிருந்து இன்னொரு வேலையும் வாங்கலாம். வெளியே எட்டிப் பார்க்காமல் லிஃப்டின் வேகத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் கண்டுபிடிக்கலாம்.

முள் 60-லிருந்து ஏறி 64-ல் நின்று மறுபடி இறங்கியதைச் சமன்செய்து பார்த்தால், ஏறத்தாழ ஒன்றரை விநாடி 64-லேயே நின்றதற்குச் சமம். விநாடிக்கு 0.65 மீட்டர் வீதம் ஒன்றரை விநாடி முடுக்கினால் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 0.98 மீட்டர்; ஒரு மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். முள் அசையாமல் 60-ல் நின்ற நேரத்தை மகள் குறித்திருந்தாள்: 25 விநாடி. அந்த நேரத்தில் கடந்த தூரம் சுமார் 24.5 மீட்டர். கிளம்பும்போதும் நிற்கும்போதும் சராசரியாகப் பாதி வேகத்தில் மூன்று விநாடி ஓடியிருக்கிறது. அது ஒன்றரை மீட்டர். மொத்தம் 26 மீட்டர். ஒன்பது மாடிக்குப் பங்கிட்டால் மாடிக்கு 2.9 மீட்டர். எங்கள் வீட்டில் தரையிலிருந்து கூரை வரைக்கும் டேப் பிடித்து அளந்து, கான்கிரீட் தளத்தின் கனத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. மாதாமாதம் லிஃப்டைப் பார்க்க வரும் மெக்கானிக்கிடம் பிறகு கேட்டேன். “இது ஒரு மீட்டர் ஸ்பீடு சார்” என்றார்.

இந்தக் கணக்கு இவ்வளவு பொருத்தமாக வந்ததில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் மெஷினில் ஒரு கோடு ஒரு கிலோ. முள் நின்றது 64-லா, 63-லா என்று கண் ஒரு கோடு தவறினாலே முடுக்கம் நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். வேகமும் உயரமும் அதே அளவு தவறும். தவறியிருக்கிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லிஃப்ட் நின்ற நிலையில் கிளம்பி நின்ற நிலையில் முடிகிறது. கிளம்பும்போது சேர்த்த வேகம் முழுவதும் நிற்கும்போது கழிந்தாக வேண்டும். ஆகவே முள் 60-க்கு மேலே எவ்வளவு, எவ்வளவு நேரம் இருந்ததோ, அந்தப் பெருக்கல் 60-க்குக் கீழே இருந்ததன் பெருக்கலுக்குச் சமமாக வர வேண்டும். எங்களுக்கு மேலே 4 கிலோ ஒன்றரை விநாடி, கீழேயும் 4 கிலோ ஒன்றரை விநாடி. சமன் வரவில்லை என்றால் எங்கோ தப்பாகப் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு பிசகும் வரும். யாராவது லிஃப்டுக்குள் காலை அழுத்தி வைத்தாலோ, லிஃப்ட் லேசாகக் குலுங்கினாலோ பருப்புப் பொட்டலம் மேலும் கீழுமாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து முடுக்கம் என்று எழுதிவிடக் கூடாது. ஆட்டமானால் 500-க்கு இரு பக்கமும் மாறி மாறிப் போகும். முடுக்கமானால் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கும். முடுக்கம் சட்டென்று வந்தால் இரண்டும் கலந்துவிடும்: 533-ல் நிற்க வேண்டிய தராசு அதைத் தாண்டி ஏறக்குறைய 566 வரை போய், பிறகு ஆடி ஆடி அடங்கும். நல்ல லிஃப்டில் இப்படி நடப்பதில்லை. முடுக்கம் ஒரேயடியாக வராமல் படிப்படியாக ஏறி இறங்கும்படி மோட்டாரைக் கட்டுப்படுத்தியிருப்பார்கள். நம் வயிற்றுக்குள் ஏற்படும் அந்த ‘ஜில்’லென்ற உணர்வு குறைவதும் அதனால்தான்.

லிஃப்டே தன்னுள் ஒரு தராசை வைத்திருக்கிறது. ‘6 பேர், 408 கிலோ’ என்று உள்ளே தகட்டில் எழுதியிருக்கும். ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கு. அதைத் தாண்டினால் கதவு மூடாமல் மணி அடிக்கும். அந்த மணி நடுவழியில் அடித்து யாரும் கேட்டிருக்க மாட்டோம். கதவு திறந்து, லிஃப்ட் அசையாமல் நிற்கும்போது பார்த்த எடைதான் நம்பக்கூடிய எடை. ஓடும்போது பார்த்தால் 400 கிலோ ஏற்றிய லிஃப்ட், கிளம்பும் அந்த நொடியில் 427 என்று காட்டிவிடும்.

மகள் அடுத்த கேள்விக்கு வந்தாள். “அப்பா, கயிறு அறுந்துட்டா?”

சூத்திரத்தில் போட்டால் முடுக்கம் கீழ்நோக்கி 9.8, g-யிலிருந்து g போக மிச்சம் சுழி. மெஷினும் தரையும் நம்மோடு அதே வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும். பாதத்தைத் தள்ள எதுவும் இருக்காது. முள் 0-க்கு வந்துவிடும், சுருள்வில் முழுதாகச் சுருங்கிவிடும். பூமியின் 588 நியூட்டன் இழுப்பில் ஒரு துளியும் குறைந்திருக்காது. எடையின்மை என்கிறோமே, அது ஈர்ப்பு இல்லாத நிலை இல்லை. தாங்குவதற்கு எதுவும் இல்லாத நிலை.

இதை உங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒருநாளும் காட்டாது. கயிறுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் போய் வேகம் எல்லை மீறினாலும், பெட்டியின் அடியிலுள்ள பிடிப்பான்கள் பக்கத் தண்டவாளங்களைக் கவ்விப் பெட்டியை நிறுத்திவிடும். முள் 0-க்கு வருவதை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் ஜெர்மனியின் ப்ரெமன் நகருக்குப் போக வேண்டும். அங்கே 1990 முதல் ஒரு விழுகோபுரம் இயங்குகிறது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த குழாயில், சோதனைப் பெட்டியை 110 மீட்டர் விழவிடுகிறார்கள். 4.74 விநாடிகளுக்கு அதற்குள் இருக்கும் எந்தத் தராசும் சுழியைத்தான் காட்டும்.

விழுகிறவர் தன் எடையை உணர மாட்டார் என்ற இந்த எண்ணம்தான் 1907-ல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. 1917-ல் பொதுவாசகர்களுக்காக வெளியிட்ட சார்பியல் நூலில் அதைத் திருப்பிப் போட்டு விளக்குகிறார். வெட்டவெளியில், எந்தக் கோளின் ஈர்ப்பும் எட்டாத இடத்தில், ஒரு பெரிய மூடிய பெட்டி. அதை யாரோ மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வேகம் சீராகக் கூடுகிறது. உள்ளே நிற்பவர் கூரையில் கயிறு கட்டி ஒரு பொருளைத் தொங்கவிடுகிறார். கயிறு விறைத்து நிற்கிறது. ‘இங்கே ஈர்ப்பு இருக்கிறது, அதனால்தான் கயிறு விறைக்கிறது’ என்பார் அவர். வெளியே மிதப்பவரோ, ‘பெட்டி முடுக்கப்படுகிறது, அதனால்தான்’ என்பார். கயிற்றைப் பார்த்து இருவரில் யார் சொல்வது சரி என்று தீர்க்க முடியாது.

எங்கள் கைப்பிடிக் கம்பியில் தொங்கிய பருப்புப் பொட்டலம் அந்தப் பெட்டியின் சிறிய பிரதிதான். அது 533 காட்டிய ஒன்றரை விநாடியில், மாடி எண் காட்டும் விளக்கை மறைத்து, மோட்டாரின் சத்தமும் கேட்காமல் செய்திருந்தால், ‘லிஃப்ட் கிளம்புகிறது’ என்பதற்கும், ‘பூமியின் ஈர்ப்பு பதினைந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது’ என்பதற்கும் எந்தத் தராசாலும் வேறுபாடு சொல்லியிருக்க முடியாது. அந்த ‘முடியாது’ என்ற இடத்திலிருந்துதான் ஐன்ஸ்டைன் ஈர்ப்பைப் பற்றிய தன் கோட்பாட்டைக் கட்டினார்.

கடைசியாக ஒருமுறை மேலே போய் வந்தோம். இந்தத் தடவை முள்ளைப் பார்த்தது நான். மகள் கண்ணை மூடிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நிபந்தனை இதுதான்: பாதத்தில் உணர்வதை மட்டும் வைத்து முள் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். “கூடுது… இப்போ சமம்… குறையுது… நின்னாச்சு” என்றாள். ஒவ்வொன்றும் சரி. கீழே வரும்போது “குறையுது, சமம்” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். தரைத்தளம் நெருங்கி முள் 64-ஐத் தொட்ட அதே நொடியில் சொன்னாள்:

“கூடுதுப்பா. நிக்கப்போறோம்.”